கன்சோலில் ‘Strict’ என்று வந்தால்: அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எக்ஸ்பாக்ஸில் `Strict`, பிளேஸ்டேஷனில் `Type 3`, நின்டென்டோ ஸ்விட்சில் `D`. மூன்றும் ஒரே கோளாறின் மூன்று பெயர்கள். வெளியாட்கள் உங்கள் கன்சோலை எவ்வளவு எளிதில் எட்டலாம் என்று சொல்லும் இந்த அளவுக்குத்தான் நாட் வகை என்று பெயர். வெளியிலிருந்து இன்னொரு ஆட்டக்காரரின் கன்சோல் உங்கள் கன்சோலைத் தேடி வரும்போது, வீட்டு ரவுட்டரோ அதற்கு அப்பால் இருக்கும் ஒன்றோ வழிவிடாமல் நிறுத்துகிறது. எது நிறுத்துகிறது என்று தெரியாமல் ரவுட்டரில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாற்றினால், ஒரு கோளாறு மூன்றாகும். ஆகவே முதலில் ஒரு சோதனை. பிறகு உங்கள் அறிகுறிக்குரிய பகுதிக்குப் போங்கள்.

## எதையும் மாற்றுவதற்கு முன்: இரண்டு முகவரிகளை ஒப்பிடுங்கள்

வீட்டு வைஃபையில் இருக்கும் கைப்பேசியின் பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். முகவரி பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1`. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும். உள்ளே `Status` அல்லது `WAN` என்ற பக்கத்தில் `WAN IP` என்று ஒரு எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி, உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்து, அங்கே வரும் நான்காம் பதிப்பு முகவரியையும், அதாவது புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களையும், குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. கோளாறு வீட்டுக்குள்தான் இருக்கிறது, காசு செலவில்லாமல் தீரும். அறிகுறி 1, 2, 3 ஆகியவற்றைப் பாருங்கள்.

ரவுட்டர் காட்டுவது `192.168` என்று தொடங்கினால், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. அறிகுறி 4.

ரவுட்டர் காட்டுவது `100.64` முதல் `100.127` வரைக்குள் இருந்தால், இணைய நிறுவனமே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. அறிகுறி 6-க்கு நேராகப் போங்கள். இடையில் உள்ள எதைச் செய்தாலும் பலன் இருக்காது.

`10.` என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் வைத்திருப்பவர்கள் ஃபைபர் பெட்டியின் பக்கத்தையும் திறந்து அதன் `WAN IP`-யைப் பாருங்கள். அதுவும் `10.` என்றால் அறிகுறி 6. அது பொது முகவரியாக இருந்தால் அறிகுறி 4.

## அறிகுறி 1: டவுன்லோட் ஊர்கிறது, நாட் வகையும் `Strict`

இந்த இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். கேம் பதிவிறக்கத்தில் கன்சோல்தான் வெளியே போய் சர்வரைக் கேட்கிறது. சர்வர் அதற்குப் பதில் அனுப்புகிறது. வெளியாள் யாரும் உள்ளே வரத் தேவையில்லை. அதனால் `Strict`-ஐ `Open` ஆக்கினாலும் டவுன்லோட் வேகம் ஏறாது. நாட் வகையை மாற்ற ரவுட்டரை அணைத்துப் போட்டதும் டவுன்லோட் வேகமாவதாகத் தெரிந்தால், பலன் தந்தது அணைத்துப் போட்டதுதான்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். இணையத் திட்டத்தின் வேகம் மெகாபிட்டில், கேமின் அளவு ஜிகாபைட்டில். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். 80 ஜிபி கேம் ஒன்று, எந்தத் தடையும் இல்லாவிட்டாலும், 6,400 நொடி எடுக்கும். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் உங்கள் இணைப்பில் கோளாறே இல்லை.

அதைவிட மிக மெதுவாக இருந்தால், வேறு கேம் பின்னணியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கேம் ஓடும்போது கன்சோல் டவுன்லோடைக் குறைத்துக்கொள்ளும். அந்த கேமை முழுதாக மூடினால் சில நொடிகளில் வேகம் ஏறுவதைப் பதிவிறக்க வரிசையிலேயே காணலாம். ஏறவில்லை என்றால் லேன் கேபிள் மாட்டிப் பாருங்கள். கேபிளில் வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால், கன்சோல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒட்டியிருக்கும் வாய்ப்பு அதிகம்; 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றுங்கள்.

ரவுட்டரில் `UPnP` என்று ஒரு வசதி உண்டு. கேட்கும் கருவிக்கு அது தானாகவே ஒரு போர்ட்டை, அதாவது வெளியாட்கள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, திறந்துவிடும். அந்த வசதி டவுன்லோடைக் கெடுக்கும் ஒரு வழி உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. வீட்டுக் கணினியில் டொரன்ட் ஓடினால், அந்தச் செயலியும் அதே வசதியைப் பயன்படுத்தித் தனக்கு ஒரு போர்ட் திறந்துகொள்ளும். வெளியாட்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே வந்து உங்கள் அப்லோட் முழுவதையும் உறிஞ்சுவார்கள். அப்லோட் நிரம்பினால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கன்சோல் சர்வருக்கு அனுப்பும் பதில்கள் தாமதமாகும். டவுன்லோடும் சேர்ந்து விழும். டொரன்டை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நிறுத்த மனமில்லை என்றால், அதன் அப்லோட் வரம்பை உங்கள் அப்லோட் வேகத்தில் பாதிக்கும் கீழே வையுங்கள்.

பாதிப்பு எதிர்த்திசையில் உண்மையாகவே உண்டு. பெரிய டவுன்லோட் ஓடும்போது பிங் ஏறும். மேட்ச்மேக்கிங் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பிங்கை வைத்துத்தான். ஆகவே மேட்ச் கிடைக்கத் தாமதமாகும், கிடைத்தாலும் ஆட்டம் தடுக்கும். இதை `Strict` கோளாறு என்று எண்ணி ரவுட்டரைக் குடைவதற்கு முன், டவுன்லோடை நிறுத்திவிட்டு ஒரு மேட்ச் தேடிப் பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஃபைபர் பெட்டியில் நேராகக் கேபிள் மாட்டிய கணினியில், வேறு எதுவும் ஓடாதபோது, காலையிலும் இரவிலும் அளந்து, இரண்டு முறையும் திட்ட வேகத்தில் பாதிகூட வரவில்லை என்றால்.

## அறிகுறி 2: டவுன்லோட் நன்றாக வருகிறது, மேட்ச் கிடைப்பதில்லை, நண்பரின் பேச்சு கேட்பதில்லை

இதுதான் `Strict`-இன் அசல் முகம். ஆட்டக்காரர்களை நேருக்கு நேர் இணைக்கும் கேம்களில் `Open` உள்ளவர் எல்லோருடனும் சேரலாம். `Moderate` உள்ளவர் `Open`, `Moderate` இரண்டுடனும் சேரலாம். `Strict` உள்ளவர் `Open` உள்ளவரோடு மட்டும். அதனால்தான் நான்கு பேர் குழுவில் இருவருக்கு மட்டும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காமல் போகிறது. அந்த இருவரின் நாட் வகைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். கேம் நிறுவனத்தின் சொந்த சர்வரில் ஓடும் ஆட்டங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஒரே ஒரு கேமில் மட்டும் மேட்ச் தாமதம் என்றால் கோளாறு அந்த கேமின் பக்கம் இருக்கலாம்.

எக்ஸ்பாக்ஸில் `Settings > General > Network settings` போய் `Test NAT type` கொடுங்கள். பிஎஸ்5-இல் `Settings > Network > Connection Status > Test Internet Connection`. பிளேஸ்டேஷனில் `Type 2` வந்தால் அதோடு நிறுத்துங்கள். `Type 1` என்பது ரவுட்டரே இல்லாமல் நேரடியாக மாட்டிய இணைப்புக்கு வருவது. அதைத் துரத்த வேண்டியதில்லை.

`Strict` அல்லது `Type 3` என்றால் ரவுட்டர் பக்கத்தில் `UPnP` என்ற பெயரைத் தேடுங்கள். `Advanced`, `NAT Forwarding`, `Application` போன்ற தலைப்புகளில் ஒன்றின் கீழ் இருக்கும். அணைந்திருந்தால் போட்டுச் சேமியுங்கள். பிறகு கன்சோலை முழுதாக அணையுங்கள்: எக்ஸ்பாக்ஸில் முன்பக்கப் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உறக்க நிலையில் விட்டுத் திரும்ப எழுப்பினால் அது ரவுட்டரிடம் புதிதாகப் போர்ட் கேட்காமலேயே இருந்துவிடலாம். திரும்பப் போட்டுச் சோதியுங்கள். பெரும்பாலான வீடுகளில் வேலை இத்தோடு முடிகிறது.

`UPnP` ஏற்கனவே போட்டிருந்தும் எக்ஸ்பாக்ஸ் `UPnP Not Successful` என்றால், வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள். `UPnP`-ஐ அணைத்துச் சேமித்து, ரவுட்டரையும் கன்சோலையும் அணைத்துப் போடுங்கள். பிறகு `UPnP`-ஐப் போட்டுச் சேமித்து, இரண்டையும் மறுபடி அணைத்துப் போடுங்கள். முன்பு திறந்த போர்ட்டுகளின் பழைய பட்டியல் ரவுட்டரின் நினைவில் தங்கிப் புதிய கோரிக்கைகளை மறுத்துக்கொண்டிருந்தால், அது இதில் கழுவப்படும். ஒரு முறை மட்டும் அணைத்துப் போடுவது பல சமயம் போதாது.

அதன் பிறகும் மறுத்தால், முன்பு யாராவது கையால் போட்ட போர்ட் விதி ரவுட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் திறந்த போர்ட், வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்குத் தள்ளும் `DMZ`, `UPnP` மூன்றில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரே போர்ட்டுக்கு இரண்டு விதிகள் இருந்தால் அவை ஒன்றையொன்று வெட்டும்.

## அறிகுறி 3: நேற்று `Open`, இன்று `Strict`

கையால் போர்ட் திறந்து வைத்தவர்களுக்கே இது அதிகம் வரும். விதி `192.168.1.7`-க்கு எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் போய் வந்த பிறகு கன்சோலுக்கு `192.168.1.9` கிடைத்திருக்கும். போர்ட் திறந்துதான் இருக்கிறது, ஆனால் அக்காவின் டேப்லெட்டை நோக்கி. ரவுட்டரில் `Address Reservation` அல்லது `Static DHCP` என்ற இடத்தில் கன்சோலின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கென்றே உள்ள அடையாள எண்ணை, ஒரு நிலையான ஐபி எண்ணோடு கட்டிவிடுங்கள். கன்சோலில் கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. எதில் இணைக்கிறீர்களோ அதைத்தான் எழுத வேண்டும்.

வீட்டில் இரண்டாவது கன்சோல் வந்த நாளிலிருந்து தொல்லை என்றால் காரணம் வேறு. எக்ஸ்பாக்ஸ் கேட்பது யுடிபி 3074 என்ற போர்ட். பிளேஸ்டேஷனில் ஓடும் சில கேம்களும் அதே எண்ணைக் கேட்கும். நல்ல ரவுட்டர் இரண்டாவதாக வருபவருக்கு வேறு எண் கொடுத்துச் சமாளிக்கும். மலிவு ரவுட்டர் முதல்வரிடமிருந்து பிடுங்கி இரண்டாமவருக்குக் கொடுக்கும். கடைசியாகப் போட்ட கன்சோலுக்கு எப்போதும் `Open`, மற்றதற்கு `Strict` என்றால் இதுதான். எக்ஸ்பாக்ஸில் `Network settings > Advanced settings > Alternate port selection` போய், `Manual` என்று மாற்றி, பட்டியலிலிருந்து ஏதாவது ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கன்சோலை முழுதாக அணைத்துப் போட்டால் இரண்டுக்கும் சண்டை தீரும்.

## அறிகுறி 4: `Double NAT Detected`

நம் வீடுகளில் இதுவே மிக அதிகம். இணைய நிறுவனம் தரும் ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் வைஃபை அறைக்குள் எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டுவோம். கன்சோல் தன் போர்ட்டை வாங்கிய ரவுட்டரிடம் கேட்கிறது; அதுவும் திறக்கிறது. ஆனால் முன்வாசலில் நிற்கும் ஃபைபர் பெட்டிக்கு அது தெரியாது.

ஒரு வீட்டின் எண்களோடு பார்ப்போம். ஃபைபர் பெட்டி `192.168.1.1`. அதன் `WAN IP` ஒரு பொது முகவரி. சொந்த ரவுட்டர் `192.168.0.1`. அதன் `WAN IP` `192.168.1.2`. கன்சோல் `192.168.0.105`. சொந்த ரவுட்டரின் `UPnP` பட்டியலைத் திறந்தால் 3074 `192.168.0.105`-க்குத் திறந்திருப்பதாகவே காட்டும். பட்டியலைப் பார்த்துவிட்டு ரவுட்டர் சரி என்று முடிவுகட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு. வேறு சில ரவுட்டர்கள், தங்கள் `WAN IP` பொது முகவரி அல்ல, உள்ளுக்குள் மட்டும் செல்லும் தனி முகவரி என்று கண்டதும் போர்ட் திறக்கவே மறுக்கும். அப்போது திரையில் `UPnP Not Successful` என்று வந்து உங்களை அறிகுறி 2-க்குத் திசைதிருப்பும்.

உறுதிசெய்ய விண்டோஸ் கணினியில் இதைத் தட்டுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் `192.168.0.1`, இரண்டாம் வரியில் `192.168.1.1` என்று வந்தால் சந்தேகமே இல்லை. கணினி இல்லையென்றால் கன்சோலை லேன் கேபிளால் நேராக ஃபைபர் பெட்டியில் மாட்டிச் சோதியுங்கள். அங்கே `Open` வந்துவிட்டால் குற்றவாளி இரண்டாவது ரவுட்டர்தான்.

தீர்வு மூன்று. எளியதிலிருந்து வருகிறேன்.

முதலாவது, சொந்த ரவுட்டரை `Access Point Mode`-க்கு மாற்றுவது. அதன்பின் அது வைஃபையை மட்டும் பரப்பும். முகவரி கொடுப்பதும் போர்ட் திறப்பதும் ஃபைபர் பெட்டியின் வேலை. கன்சோலின் முகவரி `192.168.1` என்று தொடங்கும். ஃபைபர் பெட்டியில் `UPnP` போட்டிருக்கிறதா என்று இப்போது பார்க்க மறக்காதீர்கள். அது அணைந்திருந்தால் `Double NAT` செய்தி மறைந்து `Strict` மட்டும் தங்கும். மலிவு ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால், முதலில் அதன் முகவரியை `192.168.1.250` போல ஃபைபர் பெட்டியோடு மோதாத எண்ணுக்கு மாற்றி, முகவரி கொடுக்கும் `DHCP`-ஐ அணைத்து, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை `WAN` துளையிலிருந்து கழற்றி `LAN` துளையில் மாட்டினால் அதே பலன்.

இரண்டாவது, ஃபைபர் பெட்டியின் `DMZ` பக்கத்தில் சொந்த ரவுட்டரின் `192.168.1.2`-ஐ எழுதுவது. வெளியிலிருந்து வருவதெல்லாம் அப்படியே சொந்த ரவுட்டருக்குப் போகும்; மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அந்த எண் மாறாமல் இருக்க ஃபைபர் பெட்டியில் அதைக் கட்டிவையுங்கள். `DMZ`-இல் எழுத வேண்டியது ரவுட்டரின் எண். கணினியின் எண்ணை எழுதினால் அந்தக் கணினி தெருவில் நிற்கும். தனி முகவரியைக் கண்டால் போர்ட் திறக்க மறுக்கும் ரவுட்டருக்கு இந்த வழி உதவாது.

மூன்றாவது, ஃபைபர் பெட்டியை `Bridge Mode`-க்கு மாற்றுவது. சுத்தமான தீர்வு இதுதான், ஆனால் இதை நீங்களே செய்யாதீர்கள். இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சொந்த ரவுட்டரில் போட வேண்டியிருக்கும். பெட்டியிலேயே தொலைபேசி இணைப்பு இருந்தால் அது நின்றுபோகலாம். நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

## அறிகுறி 5: `Open` வந்துவிட்டது, ஆனால் `UPnP` போட்டு வைக்கவே பயமாக இருக்கிறது

பயம் நியாயமானது. கேட்பது யார் என்று பார்க்காமல் திறந்துவிடும் வசதி அது. வீட்டுச் சுவரில் மாட்டிய கேமராவும் கேட்டு வாங்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ரவுட்டரின் `UPnP` பட்டியலைப் பாருங்கள். கன்சோலின் எண்ணைத் தவிர கேமரா, டிவிஆர் எதுவும் இருந்தால், அந்தக் கருவியின் அமைப்பில் `UPnP`-ஐ அணையுங்கள். முழுதாக வேண்டாம் என்றால், கன்சோலுக்கு நிலையான முகவரி கட்டி, எக்ஸ்பாக்ஸுக்கு யுடிபி 3074, டிசிபி 3074 இரண்டையும் கையால் திறந்துவிட்டு, `UPnP`-ஐ அணைத்துவிடலாம். ஒரே ஒரு எக்ஸ்பாக்ஸ் உள்ள வீட்டுக்கு இதுவே நல்லது என்பேன். கன்சோல்கள் இரண்டு, மூன்று என்றால் கையால் பராமரிப்பது தொல்லை.

## அறிகுறி 6: எல்லாம் செய்தாயிற்று, அசையவில்லை, `WAN IP` `100.` என்று தொடங்குகிறது

தனக்கு எனத் தனிப் பொது முகவரி இல்லாத இணைப்பு இது. `100.64.0.0` முதல் `100.127.255.255` வரையிலான எண்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் ரவுட்டர் போர்ட்டைத் திறக்கும்; அதற்கு மேலே நிறுவனத்தின் கருவி மூடியே இருக்கும். உங்கள் `UPnP` கோரிக்கை அதுவரை போகவே போகாது. புது ரவுட்டர் வாங்கினாலும் இது மாறாது. ‘கேமிங் ரவுட்டர்’ என்று விற்பதற்கும் இதே பதில்தான். சிம் போட்ட வீட்டு இணைப்புகளிலும் சிறிய கேபிள் இணையங்களிலும் இது சாதாரணம்.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று. ரவுட்டரில் `IPv6` அணைந்திருந்தால் போடுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஆறாம் பதிப்பு முகவரி கிடைத்தால் அதையே விரும்பி எடுத்துக்கொள்ளும். எதிரில் இருப்பவருக்கும் அது இருந்தால், பகிர்வுக் கருவியைத் தொடாமலேயே இருவரும் இணையலாம். மெனுவில் நாட் வகை மாறாமல் நிற்கலாம். பேச்சு கேட்கிறதா, மேட்ச் சீக்கிரம் வருகிறதா என்று ஆடிப் பார்த்துத்தான் பலனை அறிய வேண்டும்.

அது போதாதென்றால் நிறுவனத்தை அழையுங்கள். ‘கேம் வேலை செய்யவில்லை’ என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். ‘என் ரவுட்டரின் WAN முகவரி 100-இல் தொடங்குகிறது, எனக்குப் பொது ஐபி முகவரி வேண்டும், நிலையானதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று கேளுங்கள். கன்சோலுக்கு முகவரி பொதுவாக இருந்தால் போதும், மாறாமல் இருக்க வேண்டிய அவசியமில்லை. சில இடங்களில் நிலையான முகவரியை மட்டும்தான் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பணம் கட்டுவதற்கு முன், முகவரி மாறிய அன்றே ரவுட்டர் பக்கத்தைத் திறந்து முதல் சோதனையைத் திரும்பச் செய்து, இரண்டு எண்களும் ஒத்துப்போனால்தான் கட்டுவதாகச் சொல்லிவிடுங்கள்.

தர முடியாது என்று கையை விரித்துவிட்டால், வேறு நிறுவனத்துக்கு மாறும்போது இதே கேள்வியை இணைப்பு போடுவதற்கு முன்பே கேளுங்கள். போர்ட் திறந்து தரும் விபிஎன் சேவையை ரவுட்டரில் போடுவது இன்னொரு வழி. மாதக் கட்டணத்தோடு பிங்கும் ஏறும் என்பதால் சுடும் ஆட்டங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதுவரை, குழுவில் `Open` உள்ள நண்பர் ஒருவரை அறையைத் திறக்கச் சொல்லி, நீங்கள் அதில் போய்ச் சேருங்கள். `Strict` உள்ளவர் அறை திறந்தால்தான் மற்றவர்கள் வர முடியாமல் வெளியே நிற்பார்கள்.